"அவர் எப்போது மெசேஜ் அனுப்புவார்?" என்று டாரட் கார்டிடம் கேட்பவர்களுக்கு

டாரட் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி "எப்போது" என்பதுதான். எப்போது மெசேஜ் வரும், எப்போது பேசுவார், எப்போது சேருவோம். "வருமா" என்று கேட்பவர்கள்கூட, வரும் என்று சொன்னதும் அடுத்த மூச்சில் தேதிக்குப் போய்விடுகிறார்கள். காத்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிறது. அதனாலேயே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் கருத்து இது: கார்டு ஒரு விஷயத்தின் வேகத்தைக் காட்டும். எது நடந்த பிறகு எது நடக்கும் என்று யோசிக்க வைக்கும். தேதி சொல்லாது. கார்டு தேதி சொன்ன மாதிரி இருந்தால், பெரும்பாலும் அந்தத் தேதி கேட்டவரின் மனதில் ஏற்கெனவே இருந்ததாகத்தான் இருக்கும்.

முதலில், கார்டிலிருந்து காலத்தை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். ஒரு டாரட் சீட்டுக்கட்டில் 78 கார்டு. அதில் 22 மேஜர் ஆர்கானா என்ற தனிப் படக் கார்டுகள், மீதி 56 நான்கு இனங்கள்: வாண்ட்ஸ், கப்ஸ், ஸ்வோர்ட்ஸ், பென்டக்கிள்ஸ். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கால அளவை வைத்து, கார்டின் எண்ணால் பெருக்குவது ஒரு வழி. வாண்ட்ஸ் என்றால் நாட்கள், கப்ஸ் என்றால் வாரங்கள், பென்டக்கிள்ஸ் என்றால் வருஷம் என்று ஒருவர் சொல்வார். இன்னொருவருக்கு ஸ்வோர்ட்ஸ்தான் நாட்கள், வாண்ட்ஸ் வாரங்கள், கப்ஸ் மாதங்கள். இதில் யார் சரி என்று முடிவு செய்ய ஒரு வழியும் கிடையாது. ஏனென்றால் இந்தக் கார்டுகள் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காகப் பிறந்தவை. அவற்றை வைத்துக் குறி சொல்வது 18ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. கால அளவெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஏற்றி வைத்தது.

இன்னொரு வழி இதைவிட ஒழுங்கானது. 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற அமைப்பு, ராசிச் சக்கரத்தைப் பத்துப் பத்து பாகையாக 36 துண்டாக்கி, 2 முதல் 10 வரையுள்ள 36 சிறு கார்டுகளுக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்தது. நம் ஜோதிடத்தில் திரேக்காணம் என்கிறோமே, அதே பிரிப்பு. இதன்படி எயிட் ஆஃப் வாண்ட்ஸ் தனுசின் முதல் பத்து பாகை, அதாவது சுமாராக நவம்பர் 22 முதல் டிசம்பர் 1 வரை. கேட்கத் துல்லியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மேற்கத்திய சாயனக் கணக்கு, பருவங்களை வைத்து ராசியை எண்ணுவது. நம் பஞ்சாங்கம் நிராயனம், நட்சத்திரங்களை வைத்து எண்ணுவது. இரண்டுக்கும் இன்று ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம். நம் கணக்கில் சூரியன் தனுசுக்கு வருவது மார்கழி பிறக்கும்போது, டிசம்பர் 16 வாக்கில். அந்தத் துண்டுக்கு அதிபதிகூட மாறுகிறார்: அவர்களுக்கு புதன், நமக்கு குரு. இங்கே பல ரீடர்கள் ஜாதகமும் பார்த்து டாரட்டும் போடுகிறார்கள். இந்த இரண்டு கணக்கையும் கலந்து, எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு வாசிப்பை முழுதாகச் சொன்னால் தெளிவாகும். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓர் அக்கா. கத்தாரில் வேலை பார்க்கும் தம்பி. அம்மா இறந்த பிறகு ஊர் வீட்டைப் பிரிப்பதில் சண்டை வந்து பேச்சு நின்றுவிட்டது. ஜூன் 10 அன்று கேட்டார்: "தம்பி எப்போ கூப்பிடுவான்?" மூன்று கார்டு எடுத்தோம். தடுப்பது எது என்ற இடத்தில் டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸ். கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு வாளையும் மார்புக்குக் குறுக்கே பிடித்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். நகர்த்துவது எது என்ற இடத்தில் எயிட் ஆஃப் வாண்ட்ஸ், வானத்தில் எட்டுக் கழிகள் பறந்து வரும் படம். எதை நோக்கிப் போகிறது என்ற இடத்தில் சிக்ஸ் ஆஃப் கப்ஸ். பழைய வீட்டு முற்றத்தில் ஒரு பையன் சின்னப் பெண்ணுக்குப் பூ வைத்த கோப்பையை நீட்டுவான்.

இதில் தேதி தேடினால் என்ன கிடைக்கிறது பாருங்கள். எயிட் ஆஃப் வாண்ட்ஸை எட்டு நாள் என்றால் ஜூன் 18. எட்டு வாரம் என்றால் ஆகஸ்ட் 5. கோல்டன் டான் கணக்கில் நவம்பர் கடைசி. நிராயனத்தில் மார்கழி முதல் பத்து நாள். சிக்ஸ் ஆஃப் கப்ஸை ஆறு வாரம் என்றால் ஜூலை 22, ஆறு மாதம் என்றால் டிசம்பர் 10, ராசித் துண்டை வைத்தால் நவம்பர் 2 முதல் 11 வரை. இரண்டே கார்டில் வருஷத்தின் மீதியெல்லாம் தேதிகள் இறைந்து கிடக்கின்றன. தம்பி எந்த நாளில் கூப்பிட்டாலும் பக்கத்தில் ஒரு கணக்கு நிற்கும். "பார்த்தீர்களா, கார்டு சொன்னது" என்று அப்போது சொல்வது சுலபம். அது கணித்தது ஆகாது.

நான் தேதியை விட்டுவிட்டு, அந்த முற்றத்துப் படம் எதை நினைவுபடுத்துகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆடியில அம்மாவுக்கு முதல் திதி வருது. அவன்தான் செய்யணும், லீவு போட்டு வந்துதான் ஆகணும்" என்றார். அந்த வாசிப்பில் கிடைத்த உருப்படியான காலக்குறிப்பு அது ஒன்றுதான். அதைச் சொன்னது கார்டு இல்லை, அவர். படம் செய்த வேலை, வீட்டுப் பங்கிலேயே சுற்றிக்கொண்டிருந்த அவர் நினைப்பை அம்மாவிடம் திருப்பியது. நல்ல வாசிப்பில் கார்டால் முடிவது இவ்வளவு, இது சின்ன விஷயமும் இல்லை.

டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸிலிருந்தும் ஒன்று கிடைத்தது. அது தேதி இல்லாத காலம்: இன்னும் முடிவெடுக்காமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அது முடியாமல் அடுத்தது நகராது. அது யார் என்று பேசியபோதுதான், வக்கீல் அனுப்பிய பங்குப் பத்திர நகலுக்கு இவரே இன்னும் பதில் சொல்லவில்லை என்பது வந்தது. தம்பி அதற்காகக் காத்திருக்கலாம். "எப்போ கூப்பிடுவான்" என்ற கேள்வியின் பாதி இவர் கையில்தான் இருந்திருக்கிறது.

பிறகு நடந்ததையும் சொல்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தம்பி போன் செய்தார். ஆனால் சித்திக்கு. ஐயர் எத்தனை மணிக்கு வருகிறார், அக்கா எப்போது கிளம்புகிறாள் என்று கேட்டிருக்கிறார். இதைச் செய்தி வந்ததாக எண்ணுவதா? "எட்டு வாரம்" என்று சொல்லியிருந்த ரீடர் கட்டாயம் எண்ணியிருப்பார். திதி நடந்தது, இருவரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள், சாதாரணமாக இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். வீட்டு விஷயம் இன்னும் முடியவில்லை. சமாதானம் எந்தத் தேதியில் ஆனது என்று கேட்டால் அந்த அக்காவுக்கே சொல்லத் தெரியாது.

செய்தியையும் சமாதானத்தையும் நான் ஒன்றாகப் பார்க்காதது இதனால்தான். மெசேஜ் ஒரே ஆள் செய்கிற காரியம், வந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். சமாதானம் இரண்டு பேர் மாற வேண்டிய விஷயம். நாலடி முன்னால் போகும், மூன்றடி பின்னால் வரும். அதற்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுப்பவர், நடக்காத ஒன்றுக்கு முகூர்த்தம் வைக்கிறார். அதுவும் எதிர்ப்பக்கத்து ஆள் இன்னும் முடிவே செய்யாதபோது, அவருக்கே தெரியாத நாளைக் கார்டு எங்கிருந்து எடுத்துத் தரும்? உங்கள் எண்ணை அவர் பிளாக் செய்திருந்தால் கேள்வியே வேறு. அதைச் சொல்லாமல் தேதி கேட்பவர்கள் நிறைய.

இன்னொன்று. "செய்தி வரும்" என்று படிக்கக்கூடிய கார்டுகள் கட்டில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இனத்துக்கு ஒன்றாக வரும் ஆள் படங்களான நான்கு பேஜ், நான்கு நைட், எயிட் ஆஃப் வாண்ட்ஸ், டூ ஆஃப் கப்ஸ், சிக்ஸ் ஆஃப் கப்ஸ், ஜட்ஜ்மென்ட். குறைத்து எண்ணியே 12. மூன்று கார்டு எடுத்தால் இதில் ஒன்றாவது வர 100க்கு 40 வாய்ப்பு. பத்துக் கார்டு போடும் கெல்டிக் கிராஸில் அது 83 ஆகிறது. ராத்திரி தூக்கம் வராமல் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்தால் வராமல் இருக்காது. வந்த கார்டைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை போனைப் பார்த்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கு.

சரி, காலம் கேட்கவே கூடாதா? கேட்கலாம், குலுக்குவதற்கு முன்னாலேயே எல்லை கட்டிவிட்டு. "இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் அவரே என் எண்ணுக்கு மெசேஜோ காலோ செய்வாரா" என்று எழுதுங்கள். வேறொருவர் மூலம் வந்தால், ஸ்டேட்டஸ் பார்த்தால், லைக் போட்டால் கணக்கில் சேராது என்றும் எழுதுங்கள். எந்தக் கார்டு வந்தால் ஆம், எது வந்தால் இல்லை, எந்த அளவு முறை என்பதையும் முன்பே குறித்துவிடுங்கள். ஒரே தடவை எடுங்கள். நாள் முடிந்ததும் சரியா தவறா என்று பக்கத்தில் எழுதுங்கள். கூடவே, காலண்டரில் கண்ணை மூடிக்கொண்டு தொட்ட ஒரு தேதியையும் எழுதி வைத்து, கார்டு அதைவிட நன்றாகச் சொல்கிறதா என்று ஒப்பிடுங்கள். இதைச் செய்யாமல் "என் ரீடர் சொன்ன நாள் தவறாது" என்பதை நான் ஏற்க மாட்டேன்.

ரீடர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சொன்ன நாள் தாண்டியதும் "சக்தி மாறிவிட்டது, மறுபடி பார்க்கலாம்" என்று இன்னொரு கட்டணம் வாங்குவது தவறு. குறித்த தேதி தவறினால், தவறியது என்று அவரிடமே சொல்லுங்கள். அந்தத் தேதியை நம்பித்தான் அவர் வேறு வரனைத் தள்ளிப்போட்டிருப்பார், வேலை மாற்றத்தை வேண்டாம் என்றிருப்பார்.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் நான் கட்டைக் கையிலேயே எடுப்பதில்லை. அடிக்கிற கணவர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார், எப்போது திரும்பி வருவார் என்று கேட்டு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். அங்கே எயிட் ஆஃப் வாண்ட்ஸ் வந்து, நான் அதை நல்ல செய்தியாகப் படித்தால், அந்தப் பெண் அந்த வீட்டிலேயே இன்னும் எட்டு வாரம் காத்திருப்பார். அவர்களுக்கு மகளிர் உதவி எண் 181ஐக் கொடுக்கிறேன், இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். அன்றைக்கு அதற்குக் கட்டணம் கிடையாது.