7ஆம் எண் பள்ளி பஸ்: இன்று 35 நிமிடம் தாமதம், ரத்து இல்லை

"ஆப்ல பஸ் ஷெட்டை விட்டு நகரவே இல்லை. இன்னிக்கு 7ஆம் நம்பர் வராதாம், ஆட்டோ பிடிச்சுக்குங்க."

பெற்றோரிடையே சுற்றும் இந்தச் செய்தி தவறு. பஸ் வருகிறது.

கீழ்க்கட்டளை 7.40, மடிப்பாக்கம் 7.50, வேளச்சேரி விஜயநகர் 8.05. வழக்கமான நேரத்தோடு 35 நிமிடம் கூட்டியிருக்கிறோம். மற்ற ரூட்டுகளில் மாற்றமில்லை.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தபோது பிரேக்குக்கான ஏர் பிரஷர் ஏறவில்லை; எங்கோ காற்று கசிகிறது. அந்த நிலையில் பிள்ளைகளை ஏற்ற முடியாது, அதனால் மாற்று பஸ். ஆனால் ஜிபிஎஸ் கருவி பழுதான வண்டியில்தான் இருக்கிறது. ஆப் காட்டுவது அந்த வண்டியை. புள்ளி நகராததைப் பார்த்து யாரோ முடிவு கட்டிவிட்டார்கள், பாவம், அவர்கள் மேல் குற்றமில்லை. இன்று ஆப்பைப் பார்க்க வேண்டாம்.

வரும் பஸ்ஸில் எண் 12 என்று எழுதியிருக்கும்; முன் கண்ணாடியில் 7 என்று தாள் ஒட்டியிருக்கும். டிரைவர் புதியவர், ஆனால் ஆயாம்மா வழக்கமானவர்தான். அவர் முகத்தைப் பார்த்து ஏற்றிவிடுங்கள்.

தாமத வருகை என்று குறிக்க மாட்டார்கள். அப்புறம், ஏற்கெனவே ஆட்டோவில் அனுப்பியவர்கள் இங்கே ஒரு வரி போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஸ்டாப்பில் பஸ் காத்து நிற்கும்.