என்னை நீக்கிட்டாங்களா தம்பி?

அல்சூரில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் போன வாரம் ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணி "என்னை நீக்கிட்டாங்களா தம்பி?" என்றார். ஒரு தமிழ்ச் சங்கத்தின் சுற்றறிக்கை வந்திருக்கிறது, அவர் ஒரு வருடச் சந்தா பாக்கி. வாட்ஸப்பில் அனுப்பினார்:

"சந்தா நிலுவை உறுப்பினர் நீக்கப் பரிந்துரை மீதான செயற்குழு முடிவு அறிவிப்பு நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டுள்ளது."

மூன்று தடவை படித்தும் எனக்கே விளங்கவில்லை. நீக்கம், பரிந்துரை, முடிவு, அறிவிப்பு என்று நான்கு வேலைகள் இதில் இருக்கின்றன, நான்குமே பெயர்ச்சொல்லாகி உட்கார்ந்துவிட்டன. இருக்கும் ஒரே வினைமுற்று 'மேற்கொள்ளப்பட்டுள்ளது', அதற்குள் எதுவும் இல்லை. தமிழில் வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். நீக்கினோம் என்றால் நாங்கள், நீக்கினார் என்றால் அவர். 'நீக்கம்' என்று எழுதினால் ஆளும் போச்சு, காலமும் போச்சு.

அப்புறம் அந்தப் பெயர்ச்சொல் கோவை. நடுவில் வேற்றுமை உருபே கிடையாது. இலக்கண வகுப்பில் 'புலிகொல் யானை' படித்திருப்போமே, புலியைக் கொன்ற யானையா, புலி கொன்ற யானையா என்று. அதே கதைதான். உறுப்பினரை நீக்கப் பரிந்துரையா, உறுப்பினர் செய்த பரிந்துரையா?

நான் செய்வது இதுதான்: கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் போய், ஒவ்வொரு வேலையையும் வினையாக்கி, யார், யாரை, எப்போது என்று கேட்பேன். செயலாளர் தெரிந்தவர்தான், மறுநாள் காலை அவரிடமே கேட்டேன். பரிந்துரைத்தது யார்? பொருளாளர். செயற்குழு என்ன முடிவு செய்தது?

"இன்னும் முடிவே பண்ணலையே சார், அடுத்த கூட்டத்துலதான்."

பாருங்கள், எடுக்காத முடிவை அறிவித்திருக்கிறார்கள்! 'முடிவு' என்று பெயராக நிற்கும்வரை அது எடுத்ததா எடுக்கப்போவதா என்று யாரும் கேட்கவில்லை, எழுதியவர் உட்பட. மாற்றி எழுதிக் கொடுத்தேன்:

"சந்தா கட்டாத உறுப்பினர்களை நீக்கலாம் என்று பொருளாளர் பரிந்துரைத்திருக்கிறார். செயற்குழு இன்னும் முடிவு செய்யவில்லை. மார்ச் 31-க்குள் கட்டிவிட்டால் உங்களை நீக்க மாட்டோம்."

நீளம் கூடியிருக்கிறது, சரி, பரவாயில்லை. எல்லாப் பெயரையும் உடைக்கவும் கூடாது. 'செயற்குழு' எல்லோருக்கும் தெரிந்த பெயர், அதை 'செயல்படுத்தக் கூடும் குழு' என்று விரித்தால் கோமாளித்தனம். செயப்பாட்டு வினையும் தீண்டத்தகாதது இல்லை. அலுவலகப் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது, உடைத்தது யாரென்று தெரியாது என்றால் அப்படித்தான் எழுத வேண்டும். இங்கே செய்தவர் தெரிந்தவர், மேசைக்கு அந்தப்புறம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

செயலாளருக்கு முதல் இரண்டு வாக்கியமும் பிடித்திருந்தது. மூன்றாவதில் தயங்கினார். "நீக்க மாட்டோம்னு போட்டா நாளைக்கு நம்மளையே பிடிச்சுக் கேப்பாங்களே சார்." கேட்கட்டும் என்றுதானே அப்படி எழுதினேன்!

நேற்றுப் புதுச் சுற்றறிக்கை வந்தது. கடைசி வரி: "நீக்க நடவடிக்கை மேற்கொள்ளப்பட மாட்டாது." பெரியவர் அதைப் பார்ப்பதற்கு முன்பே போய்ச் சந்தாவைக் கட்டிவிட்டார்.