வேகம் குறையும், சரி. காசும் வெட்டுப்படும்

"டேட்டா முடிஞ்சா வேகம்தான் குறையும், மெயின் பேலன்ஸில் கை வைக்க மாட்டாங்கள். டேட்டாவை ஓஃப் பண்ணத் தேவையில்லை."

என்று எழுதிய தம்பி, இது பாதிதான் சரி. பெக்கேஜ் திரையில் நாள் அளவுக்குக் கீழே 64 Kbps போல ஒரு வேகம் எழுதியிருந்தால், அன்றைய அளவு முடிந்த பிறகு அந்த வேகத்தில் ஓடும். செக்கனுக்கு 8 கிலோபைட்தான். வட்ஸ்அப் எழுத்து போகும், 2 எம்பி படம் ஒன்று இறங்க நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்படி வேகம் எதுவும் போடாமல் Out of bundle என்று ஒரு எம்பிக்கு விலை போட்டிருந்தால் கதை வேறு. வேகம் குறையாது, அதனால் அளவு முடிந்ததே தெரியாது, பேலன்ஸ்தான் கரையும்.

உதாரணத்துக்கு எம்பிக்கு 20 சதம் என்று வையுங்கள். இரவில் அப்ஸ் தானாக 300 எம்பி அப்டேட் ஆனால் 60 ரூபாய் போய்விடும்.

வேகம் குறையும் பெக்கேஜிலும் அந்தச் சலுகை Validity இருக்கும்வரைதான். அது முடிந்தபின் டேட்டா ஓனில் இருந்தால் பெரும்பாலும் சாதாரணக் கட்டணம்தான்.

நாள் அளவு நள்ளிரவில் புதுப்படுமா, போட்ட நேரத்திலிருந்து 24 மணித்தியாலமா என்று கேட்ட அண்ணன், அது பெக்கேஜுக்குப் பெக்கேஜ் மாறும். உங்களுடையதன் பெயரைப் போடுங்கள், பார்ப்போம்.