அந்த வங்கிக் கணக்கு யாருடையது?

வாட்ஸ்அப், டெலிகிராம் பந்தயக் குழுக்களில் சேர நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, "ஜெயித்தால் ஏஜென்ட் பணம் தருகிறாரா?" என்பதைத்தான். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் "எனக்குத் தந்தார்" என்று சொன்னதும் சேர்ந்துவிடுகிறார்கள். சிறிய தொகைகளைத் தாமதமில்லாமல் தருவதுதான் இந்தத் தொழிலின் முதல் வேலை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அந்தப் பணம் யாருடைய கணக்கிலிருந்து வந்தது என்று ஒரு முறையாவது பாருங்கள் என்றுதான் நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

பணம் கட்ட வேண்டும் என்று செய்தி அனுப்பினால், ஏஜென்ட் ஒரு கணக்கு எண்ணையோ கியூஆர் கோடையோ தனியாக அனுப்புவார். கணக்கில் இருக்கும் பெயர் அவருடையதாக இருக்காது. பந்தயத் தளத்தின் பெயராகவும் இருக்காது. பணம் போட்டு ரசீதின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும், பந்தயத் தளத்துக்கான ஒரு ஐடியும் பாஸ்வேர்டும் தந்து, கட்டிய பணத்துக்கு ஈடாகப் பாயின்ட் ஏற்றிவிடுவார். அடுத்த முறை கேட்டால் வேறு கணக்கு வரும். "பழைய கணக்கில் போடாதீர்கள்" என்று குழுவில் அறிவிப்பும் வரும். கமிஷனுக்காகத் தங்கள் கணக்கை வாடகைக்கு விட்டவர்கள், ஆவணங்கள் திருடப்பட்டவர்கள் போன்றோரின் கணக்குகள் இவை. புகார் வந்து வங்கி ஒன்றை முடக்கினால் அடுத்ததற்குத் தாவுகிறார்கள். உரிமம் பெற்ற தளத்தில் உங்கள் அடையாளத்தைச் சரிபார்ப்பார்கள். பணம் நிறுவனத்தின் பெயருக்கே போகும், பெரும்பாலும் போன வழியிலேயே திரும்பி வரும். அங்கேயும் பந்தயத்தில் தோற்கலாம்தான். ஆனால் பணம் எங்கே போனது என்பதற்குப் பதில் சொல்ல ஒருவர் இருப்பார்.

திரையில் தெரியும் பாயின்ட் பணமே அல்ல. மேல் ஏஜென்ட் கீழ் ஏஜென்டுக்கு ஒதுக்கித் தரும் வெறும் எண் அது. இப்படிப்பட்ட சங்கிலிகளில், தன் ஆட்கள் தோற்கும் தொகையில் ஏஜென்டுக்குப் பங்கு தரும் ஏற்பாடு உண்டு. கையில் பணமில்லை என்றாலும் "பிறகு கட்டுங்கள்" என்று அவர் கடனுக்குப் பாயின்ட் ஏற்றுவது அதனால்தான். கடன் வாங்கிச் சூதாடுவதன் ஆபத்தைக் கருதி, பிரிட்டனில் 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டில் சூதாடுவதையே தடை செய்தார்கள். இங்கே ஒரு குறுஞ்செய்தியில் கடன் கிடைத்துவிடுகிறது.

இனி, ஜெயித்தவருக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒருவர் 5,000 கட்டுகிறார், அது 12,000 ஆகிறது, பணத்தைக் கேட்கிறார். ஏஜென்ட் தன் பையிலிருந்து எதுவும் எடுக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில் 12,000 கட்ட விரும்பும் இன்னொருவருக்கு, ஜெயித்தவரின் கணக்கு எண்ணை அனுப்பிவிட்டால் போதும். பணம் வந்து சேர்கிறது, குழுவில் நன்றியும் சொல்லப்படுகிறது. இந்தப் பரிமாற்றத்தில் ஏஜென்டின் பெயர் எங்கேயும் இல்லை.

சில நாட்கள் கழித்து, பணம் போட்டவர் தான் ஏமாற்றப்பட்டதாகப் புகார் கொடுக்கிறார். அல்லது அந்தப் பணமே வேறொருவரிடமிருந்து மோசடியாகப் பறித்ததாக இருக்கிறது. விசாரிப்பவர்களின் கண்ணில் படும் பெறுநர் யார்? ஜெயித்தவர்தான். 12,000 வந்ததற்காக அவருடைய கணக்கு முழுவதும் முடக்கப்படலாம், சம்பளப் பணமும் சேர்ந்து. தன் பக்கத்தை நிரூபிக்க அவரிடம் இருப்பதோ புனைபெயர் கொண்ட ஒருவருடனான உரையாடல் மட்டுமே. அதுவும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தால் ஒன்றுமே மிஞ்சாது. தோற்றவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஜெயித்து மாட்டிக்கொண்டவர் யாரிடமும் சொல்லவும் முடியாமல் தவிக்கிறார்.

பெரிய தொகை கேட்டால் பேச்சு மாறும். "வரி கட்டினால்தான் வரும்", "சரிபார்ப்புக் கட்டணம் பாக்கி" என்பார்கள். இருப்பில் கழித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள் என்று கேளுங்கள், மாட்டார்கள். திரையில் தெரிவதை எடுக்க வெளியிலிருந்து புதுப் பணம் கேட்கிறார்கள் என்றால், அந்த இருப்பு உங்களுக்கு வரப்போவதில்லை. அதற்குமேல் எதுவும் அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால், குழுவில் போய்ச் சண்டை போடாதீர்கள். உடனே உங்களை வெளியேற்றி, செய்திகளை அழித்துவிடுவார்கள். உரையாடல்கள், நீங்கள் பணம் போட்ட ஒவ்வொரு கணக்கு எண், பரிவர்த்தனை எண், தேதி ஆகியவற்றை முதலில் சேமியுங்கள். பிறகு தாமதிக்காமல் வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்ந்துவிட்டால் தடுப்பது கடினம். காவல்துறையிலும் புகார் கொடுங்கள். பந்தயம் கட்டியதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு நாட்களைக் கடத்துவதைத்தான் ஏஜென்ட் எதிர்பார்க்கிறார். முன்பின் தெரியாதவரிடமிருந்து பணம் வந்திருந்தால், ஏஜென்ட் சொல்லும் இன்னொரு எண்ணுக்கு அதை அனுப்பாதீர்கள். வங்கியிடம் கேட்டே எதையும் செய்யுங்கள். "இழந்ததை மீட்டுத் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள்" என்று யாராவது வந்தால் அவரையும் நம்பாதீர்கள். ஏமாந்தவர்களின் தொலைபேசி எண்கள் இவர்களுக்குள்ளேயே கைமாறுகின்றன.