பம்புசெட் பிரசுரமும் விவசாயி கேட்கும் கேள்வியும்

“மொழிபெயர்ப்பு சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் எடுபடவில்லை?” ஆங்கிலப் பிரசுரத்தைத் தமிழில் போடுபவர்கள் கேட்கும் கேள்வி இது.

நீர்மூழ்கி மோட்டார் பிரசுரம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் முதல் பக்கம் முழுக்க கனவு, வெற்றி, ‘இன்றே உங்களுடையதாக்குங்கள்’ என்றுதான் இருக்கும். தமிழில் அதை அப்படியே போட்டால் லாட்டரிச் சீட்டு விற்பது போல இருக்கும். போர் போட்டே லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு வரும் விவசாயிக்கு உற்சாகம் தேவையில்லை, பயம்தான் தீர வேண்டும்.

அவர் பயம், வோல்டேஜ் இறங்கி மோட்டாரின் காயில் எரிந்துபோவது. மும்முனை மின்சாரம் 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பல நேரம் நன்றாக இறங்கி வரும். அதனால் கடைசிப் பக்கப் பட்டியலில் கிடக்கும் வோல்டேஜ் வரம்பை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்: “300 வோல்ட் வரை இறங்கினாலும் ஓடும்.” அந்த மாடலுக்கு அது உண்மையாக இருந்தால் மட்டும்! அதற்கும் கீழே போனால் என்ன ஆகும், காயில் எரிந்தால் வாரண்டி உண்டா என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் டீக்கடையில் தெரிந்துவிடும்.

அப்புறம் ஆழம். 90 மீட்டர் என்றால் அவர் மனதில் எதுவும் விழாது. சுமார் 300 அடி என்று போடுங்கள். போர் ஆழம் வேறு, மோட்டார் தண்ணீர் தள்ளும் உயரம் வேறு என்று ஒரு படம் இருந்தால் நல்லது. தள்ளும் உயரத்தில் மேல்நிலைத் தொட்டியின் உயரத்தையும் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நடிகர் படத்துக்குப் பதில் பக்கத்து ஊர் மெக்கானிக் நம்பரைப் போட்டால் பிரசுரம் பத்திரமாக இருக்கும்.