இத்தாலிய எரிவாயு ரசீதில் இருப்பவை ‘வெறும் எண்கள்’ அல்ல

இத்தாலிய எரிவாயு ரசீதை முகவரிச் சான்றாகக் கொடுக்க மொழிபெயர்க்கும்போது சிலர் சொல்வது: “முகவரி இருக்கும் பக்கத்தை மட்டும் ஆங்கிலமாக்கினால் போதும், மீதி வெறும் எண்கள்.”

பாதிதான் சரி. சில வங்கிகள் முதல் பக்கத்தோடு விட்டுவிடலாம். பிரிட்டன் விசாவுக்கு முழு மொழிபெயர்ப்பு வேண்டும். அது சரியானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியவையும் இருக்க வேண்டும்.

தவறு நடப்பதே அந்த எண்களில்தான். எரிவாயு மீட்டர் 1.240-இலிருந்து 1.340 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தாலியில் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், தசமத்துக்குக் காற்புள்ளி. வித்தியாசம் 100 கன மீட்டர், கட்டணமோ 102-க்கு! மாற்றுக் குணகம் 1,02 என்று தனி வரியில் இருக்கும். மீட்டர் அளவை அதனால் பெருக்கி, நிலையான வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் கணக்கிடும் திட்ட கன மீட்டராக்குகிறார்கள். பிழை என்று நினைத்து 100 எனத் ‘திருத்தி’விடாதீர்கள். அளவுக்குப் பக்கத்தில் ‘ஸ்திமாத்தா’ என்றிருந்தால் அது மதிப்பீடு, அதையும் அப்படியே எழுதுங்கள்.

தன் ரசீதில் இரண்டு முகவரிகள் இருப்பதாகச் சொன்ன நண்பருக்கு: ‘ஃபோர்னித்தூரா’ என்பதுதான் இணைப்பு உள்ள வீடு, மற்றது தபால் போகுமிடம். இரண்டும் வேறாக இருந்தால் ஏற்பார்களா என்பதைக் கேட்கும் அலுவலகம்தான் சொல்ல வேண்டும்.