நீண்ட தூரம் ஓடினால் தசையின் வேக இழை மாறிவிடுமா?

"மாரத்தான்காரர் காலில் மெதுவான இழை மட்டும்தான். தினமும் நீண்ட தூரம் ஓடினால் 100 மீட்டர் பசங்களோட வேக இழை எல்லாம் மெதுவா மாறிடும்."

தம்பி, நீங்கள் எழுதியது பாதிதான் சரி. முன்னணி மாரத்தான் வீரர்களின் கெண்டைக்கால் தசையில், மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் தாங்கும் மெது இழைகள் ஏறக்குறைய முக்கால் பங்கு இருக்கும். வேக ஓட்டக்காரர்களிடம் கால் பங்கு. இரண்டு பேரிடமும் இரண்டும் உண்டு.

வேக இழையிலும் இரண்டு வகை. 2எக்ஸ் மிக வேகமாகச் சுருங்கும், சீக்கிரம் களைக்கும். 2ஏ சற்று நிதானம், கொஞ்சம் தாங்கும். பயிற்சியில் எளிதாக நடப்பது 2எக்ஸ், 2ஏவாக மாறுவதுதான். பளு தூக்கினாலும் அதே மாற்றம் வரும், நீண்ட ஓட்டத்தால் மட்டும் அல்ல. பயிற்சியை நிறுத்தினால் 2எக்ஸ் திரும்பக் கூடும்.

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் 10 கிலோமீட்டர் ஓடும்போது கடைசியில் கால் கனக்கிறது, மெது இழை குறைவா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். அதை வைத்து இழைக் கணக்குச் சொல்ல முடியாது. நிதான ஓட்டத்தில் உடல் முதலில் மெது இழைகளைத்தான் இயக்கும். அவற்றில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜன் குறைந்து சோர்ந்ததும், அதே வேகத்தைக் காக்க வேக இழைகளையும் சேர்க்கும். அவை சீக்கிரம் களைப்பதால் கால் கனக்கலாம். தொடக்கத்தில் வேகத்தைக் குறைத்து ஓடிப் பாருங்கள்.

தருமபுரி பயிற்சியாளர் அண்ணன் சொன்னதும் நியாயமே: 100 மீட்டர் பசங்களுக்கு நீண்ட ஓட்டம் அதிகமானால் வெடிப்பு வேகம் மழுங்கும். ஆனால் வாரம் ஒரு நிதான ஓட்டம் இழையின் வகையைப் புரட்டிவிடாது. பல வருடப் பயிற்சியில் 2ஏ முழுசாக மெது இழையாகுமா என்பதில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.